மொட்டை மாடியில் சோலார்: தாழ்வாகவா, உயர்த்தியா?

சென்னையில் 600 சதுர அடி மொட்டை மாடி. 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல்கள், கூடவே சோலார் வாட்டர் ஹீட்டர். பேனல்கள் மட்டும் ஏறக்குறைய 170 சதுர அடி பிடிக்கும்.

இடம்: தாழ்வாக வைத்தால் அந்த இடம் போனதுதான். எட்டடி உயர்த்தினால் கீழே துணி காயப்போடலாம், வடகம் பிழிய நிழலும் உண்டு.

செலவு: தாழ்வுக்குக் கான்கிரீட் கட்டைகளே போதும். உயரத்துக்கு இரும்பு அதிகம். புயல் காற்று தூக்காமலிருக்க, கால்களைத் தூண், உத்திரங்களோடு பிணைக்கவேண்டும். தட்டோட்டில் மட்டும் போல்ட் அடித்தால் பிடிப்பும் இராது, மழைநீரும் கசியும்.

துடைப்பது: தாழ்வில் தரையில் நின்றே துடைக்கலாம், சுற்றிலும் இரண்டடி வழி விட்டிருந்தால். கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போட்டுவிடுகிறார்கள். பிறகு சுவர்மேல் ஏறித் துடைப்பது யார்? உயரத்தில் கைப்பிடியுள்ள நடைமேடையும் நிலையான ஏணியும் வேண்டும். இவற்றையும் விலைப்புள்ளியிலேயே கேளுங்கள்.

ஹீட்டர்: இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். மார்கழியில் வெயில் தெற்கே சாய்வதால் நிழல் வடக்கே விழும். தாழ்வான பேனல்களைவிட ஹீட்டர் உயரம், அதன் நிழல் அவற்றின்மேல் விழாதிருக்க அவற்றுக்கு வடக்கே இருக்கட்டும். உயர்த்தினால் தெற்கே, அது பேனல்களைவிடத் தாழ்வாக இருப்பதால் நிழல் அவற்றை எட்டாது. இரண்டிலும் அதன் தொட்டி, மேல்நிலைத் தொட்டிக்குக் கீழேயே இருக்கவேண்டும்.

மாடியைப் புழங்குபவர்களுக்கு உயரம். வீட்டில் முதியவர்களே துடைப்பதானால் தாழ்வு.