ஆச்சி ஓடு மாற்றித் தர வேண்டுமா? முகவுரையா, ஷரத்தா?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்று. அங்கே பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டை விருந்தினர் இல்லமாக நடத்த ஒரு தம்பி ஒன்பது வருஷக் குத்தகைக்கு எடுத்தார். மாதம் 60,000 ரூபாய் வாடகை. வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார். முகப்பும் வளவும் நன்றாகவே இருந்தன. இரண்டாம் கட்டில்தான் ஓடு சரிந்து, கரையான் ஏறிய சட்டங்கள் தெரிந்தன. முதல் ஐப்பசி மழையிலேயே ஒழுகியது. கொத்தனார் 4,80,000 ரூபாய் மதிப்புச் சொன்னார்.

தம்பி என்னிடம் பத்திரத்தைக் கொண்டுவந்து, ஒரு வரியின் மேல் விரல் வைத்தார். “பாருங்கண்ணே, ஆச்சிதான் பழுது பாத்துத் தர்றதா எழுதியிருக்காக.”

எழுதித்தான் இருந்தது. ஆனால் எங்கே? நம் பத்திரங்களில் ‘ஆகவே இருதரப்பும் கீழ்க்கண்ட ஷரத்துகளுக்குச் சம்மதித்து’ என்று ஒரு இடம் வரும். அதற்கு மேலே உள்ளது முகவுரை, அதாவது ஆங்கிலப் பத்திரங்களில் ‘வேராஸ்’ என்று தொடங்கும் பத்திகள். கீழே உள்ளவை ஷரத்துகள். தம்பி காட்டிய வரி மேலே இருந்தது: ‘மேற்படி வீட்டின் இரண்டாம் கட்டுக் கூரையை உரிமையாளர் பழுது பார்த்துத் தர உள்ள நிலையில்’. கீழே 7ஆம் ஷரத்து இப்படிச் சொன்னது: ‘குத்தகைதாரர் தம் சொந்தச் செலவில் கட்டடத்தைப் பழுது பார்த்துப் பராமரித்து வர வேண்டியது.’

பணம் யார் கையிலிருந்து போகும் என்பது இந்த இரண்டு வரிகளைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. ஊர் கிராம ஊராட்சி என்பதால், நகர்ப்பகுதிக்கான 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தை இங்கே விட்டுவிடலாம். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் (எஃப்) என்ற உட்பிரிவு போதும். செய்யக் கடமைப்பட்ட பழுதை உரிமையாளர் அறிவிப்புக்குப் பின்னும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், குத்தகைதாரரே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது அது. வட்டி போக, எட்டு மாத வாடகை. ஆனால் ‘கடமைப்பட்ட’ என்ற ஒரு சொல் குறுக்கே நிற்கிறது. முகவுரை கடமையை உண்டாக்குமா?

அந்த வாசகத்தை எழுத மூன்று வழிகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, பத்திரம் எழுதியவர் செய்தது: முகவுரையில் மட்டும் சொல்லிவிட்டு மேலே போவது. இதற்கு 1886இல் இங்கிலாந்தில் நீதிபதி எஷர் பிரபு சொன்ன மூன்று விதிகளை இன்றும் எடுத்துக்காட்டுகிறோம். முகவுரை தெளிவாக இருந்து ஷரத்து குழப்பமாக இருந்தால், முகவுரையை வைத்து ஷரத்துக்குப் பொருள் கொள்ளலாம். முகவுரை குழம்பி ஷரத்து தெளிவாக இருந்தால் ஷரத்தே செல்லும். இரண்டும் தெளிவாக இருந்து ஒன்றுக்கொன்று முரணானால், அப்போதும் ஷரத்துதான். முகவுரையிலிருந்து கடமையே பிறக்காது என்று இதற்குப் பொருள் இல்லை. ஷரத்துகள் அந்த விஷயத்தைத் தொடாமல் விட்டு, முகவுரையில் வாக்குறுதி கொடுக்கும் எண்ணம் தெளிவாக இருந்தால், நீதிமன்றம் அதைக் கடமையாகவே படிக்கலாம். 7ஆம் ஷரத்து இல்லாமல் இருந்திருந்தால் தம்பிக்குக் கொஞ்சம் நம்பிக்கை சொல்லியிருப்பேன். அது இருக்கிறது, பழுது வேலையைப் பற்றியே பேசுகிறது. போதாததற்கு ‘தர உள்ள நிலையில்’ என்ற வாசகம் வாக்குறுதியா, செய்தியா என்பதே சந்தேகம். ‘தர வேண்டும்’ இல்லை, தேதி இல்லை.

ஆச்சி வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்கிறது என்றார் தம்பி. எழுதிப் பதிவான ஷரத்துக்கு முரணாக வாய்ப்பேச்சைக் கொண்டுவர முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு அது, இப்போதைய சட்டத்தில் 95.

இரண்டாம் வழி, இப்போது எல்லோரும் டைப் அடித்துவிடும் வரி: ‘மேற்கண்ட முகவுரை இந்த ஒப்பந்தத்தின் பிரிக்க முடியாத பகுதியாகும்.’ முதல் வழியைவிட இது தேவலை. முகவுரையை வெறும் பின்னணி என்று தள்ளிவிட முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்து, முதல் பழுது ஆச்சியுடையது, அதற்குப் பிறகான பராமரிப்பு தம்பியுடையது என்று வாதிடலாம். நல்ல வாதம்தான். ஆனால் ‘உள்ள நிலையில்’ என்பதை அந்த வரி ‘வேண்டும்’ என்று மாற்றிவிடாது. எப்போது, எவ்வளவு, செய்யாவிட்டால் என்ன என்ற கேள்விகள் அப்படியே நிற்கும்.

இன்னொரு வம்பும் உண்டு. அதே முகவுரையில் நான்கு வரி தள்ளி, ‘குத்தகைதாரர் கட்டடம் முழுவதையும் நேரில் பார்வையிட்டு அதன் நிலையில் திருப்தியடைந்து’ என்று இருந்தது. தம்பி அதைப் படிக்கவே இல்லை. முகவுரை முழுவதையும் உள்ளே இழுத்தால் இதுவும் சேர்ந்துதான் வரும். ஒழுகுவதைப் பார்த்துத் திருப்தியடைந்தவர் இப்போது என்ன கேட்கிறார் என்று ஆச்சியின் வக்கீல் கேட்பார். அதனால் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

மூன்றாம் வழி, வாக்குறுதியை ஷரத்துக்கு இறக்குவது. நான் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: ‘உரிமையாளர் இரண்டாம் கட்டுக் கூரையின் ஓடுகளையும் பழுதான சட்டங்களையும் தம் செலவில் புரட்டாசி 30ஆம் தேதிக்குள் மாற்றித் தர வேண்டும். தவறினால் 15 நாள் அறிவிப்புக்குப் பின் குத்தகைதாரர் அதைச் செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 7ஆம் ஷரத்து இந்த வேலைக்குப் பொருந்தாது.’ கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் இரண்டு ஷரத்துகள் மோதும். இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு: ஆச்சி இதைப் படித்துவிட்டு வாடகையை ஏற்றிக் கேட்கலாம், கையெழுத்தே போடாமலும் இருக்கலாம். அதுவும் பத்திரத்துக்கு முன்பே தெரிந்துவிடுவது நல்லதுதான்.

அப்படியானால் முகவுரைக்கு வேலையே இல்லையா? உண்டு, வாக்குறுதிக்கு அல்ல, உண்மைக்கு. இதே பத்திரத்தில் ‘முகப்பிலும் வளவிலும் 32 பர்மா தேக்குத் தூண்கள் விரிசலின்றி உள்ளன’ என்று இருக்கிறது. திட்டவட்டமான கூற்று, இருவரும் கையெழுத்திட்டது. ஒன்பது வருஷம் கழித்து 31 தூண்தான் இருந்தது என்று தம்பி சொன்னால் எடுபடாது. தானே ஒப்புக்கொண்ட உண்மையைப் பின்னால் மறுக்க விடாத ‘எஸ்டாப்பல்’ தடை குறுக்கே வரும். வாங்கிய நிலையிலேயே வீட்டை வைத்திருக்க வேண்டும் என்று 108(எம்) சொல்வதால், வாங்கிய நிலை எது என்பதற்கு அந்த வரியே அளவுகோல். பழைய தூணுக்கும் கதவுக்கும் நல்ல விலை போகும் காரைக்குடியில் ஆச்சிக்கு அது பெரிய காவல். ‘வீடு நல்ல நிலையில் உள்ளது’ என்று மொட்டையாக எழுதினால் இந்தப் பலன் கிடைக்காது. எண்ணிக்கை வேண்டும், முடிந்தால் படத்தோடு ஒரு அட்டவணையும் வேண்டும்.

தம்பியிடம் வழக்கு வேண்டாம் என்றேன். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை, பதிவான பத்திரம், அதனால் திருத்தமும் பதிவாக வேண்டும். மூன்றாம் வழியில் ஒரு திருத்தல் பத்திரம் தயாரித்து, செலவில் பாதிக்குப் பாதி என்று எழுதி அனுப்பினோம். ஆச்சி ஒரு வாரம் யோசித்தார். திரும்பி வந்த வரைவில் ஒரு இடத்தில் மட்டும் பேனாவால் திருத்தியிருந்தார்: ‘ஓடு’ என்று இருந்ததை ‘அதே பழைய நாட்டு ஓடு’ என்று.