வட்டத்துக்குள் வட்டம்: சேலத்தில் அம்மாவுக்குப் படர்தாமரை பார்த்த அனுபவம்

மே மாதம் டொரண்டோவிலிருந்து அம்மாப்பேட்டை வீட்டுக்குப் போனபோது, அம்மா இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தைச் சொறிந்தபடியே இருந்தார். "வேர்க்குருதான் கண்ணு, மெடிக்கல்ல ஒரு கிரீம் குடுத்தாங்க. போட்டா ரெண்டு நாள்ல அடங்கிரும், விட்டா திரும்பி வந்துரும்." மூன்று மாதமாக இதே கதை.

டியூபின் பொடி எழுத்தைப் படித்தேன். குளோபெடசால், மைக்கோனசால், நியோமைசின். முதலில் இருப்பது மிகவும் வீரியமான ஸ்டீராய்டு. சீட்டே கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். இரண்டு மணி நேரக் காத்திருப்பு. ஆனால் உள்ளே அவசரமே இல்லை. படர்தாமரையின் ஓரம் சிவந்து, செதிலோடு தடித்திருக்கும். அம்மாவுக்கு அந்த ஓரம் மங்கி, வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் இருந்தது. "அரிப்பும் சிவப்பும் உடம்பு பூஞ்சையை எதிர்க்கிறதால வர்றதுங்க. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிரும். அரிப்பு நிக்கும், பூஞ்சை நிம்மதியா பரவும்" என்றார். அந்தக் கிரீம் பூசிய தொடையிலும் தோல் மெலிந்து ஊதா வரிகள் விழுந்திருந்தன.

மழுங்கிய பிளேடால் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டார். இருபது நிமிடம் கழித்து மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். தோல் செல்களுக்கு நடுவே கிளை பிரிந்து ஓடும் இழைகள், அதுதான் பூஞ்சை.

சின்னதாக ஒரே இடத்தில் இருந்தால் பூசும் மருந்தே போதுமாம். இது பரவியது, ஸ்டீராய்டு பட்டது. அதனால் மாத்திரையும் வேண்டும். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரை பற்றிக் கேட்டேன். இப்போது இந்தியாவில் பரவும் டிரைக்கோஃபைட்டான் இண்டோடீனியே வகைப் பூஞ்சை அதற்குப் பல நேரம் மசிவதில்லை என்றார். இட்ராகோனசால் 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, சாப்பிட்டவுடன்.

எழுதுவதற்கு முன் அம்மாவின் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வயிற்றில் அமிலம் குறைந்தால் இட்ராகோனசால் கேப்சூல் சரியாக உடம்பில் சேராது. அதனால் கேஸ் மாத்திரையான பேண்டோபிரசோலை நிறுத்தினார். இட்ராகோனசால், கொலஸ்ட்ரால் மாத்திரையான அடோர்வாஸ்டாட்டினின் அளவை ரத்தத்தில் ஏற்றி, தசையைக் கெடுக்கக்கூடும். அதைக் கொடுத்த மருத்துவரிடமே போனில் பேசி ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றினார். இதய பலவீனம் உண்டா என்று விசாரித்து, கல்லீரல் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். இதய பலவீனம் இருந்தால் இந்த மருந்தே ஆகாதாம்.

பழைய கிரீமை நிறுத்தியதும் ஒரு வாரம் அரிப்பு கூடும் என்று முன்பே சொல்லிவிட்டார். அப்படியே கூடியது. அந்த டியூபை நான்தான் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. புதுக் களிம்பை ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும், தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது. அப்புறம், வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார். அப்பா தயங்கித் தயங்கி வேட்டியை ஒதுக்கிக் காட்டினார். இருவருக்கும் ஒரே துண்டு!

ஆறாவது வாரம் வீடியோ காலில் இடுப்பு தெளிந்திருந்தது. தொடையின் வரிகள் மட்டும் வெளுத்தபடி அப்படியே இருக்கின்றன.