அரங்கில் இடமில்லாமல் போனபின் அனுப்பும் மன்னிப்பு மடல்: இரண்டு வரைவுகளின் ஒப்பீடு

அரங்கின் கொள்ளளவுக்கு மேல் நுழைவுச்சீட்டுகள் விற்கப்பட்டு, பணம் கட்டியவர்களில் சிலர் வாசலிலேயே திரும்ப நேர்ந்தால், ஏற்பாட்டாளர் அன்றிரவோ மறுநாளோ ஒரு மன்னிப்பு மின்னஞ்சல் எழுதியாக வேண்டும். அதை எழுத இரண்டு வழிகள் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக ஒரே மடலை அனுப்பி, இழப்பீடாக அடுத்த நிகழ்ச்சிக்கான கூப்பன் தருவது ஒரு வழி. யாருக்கு என்ன நேர்ந்தது என்று பிரித்துத் தனித்தனி மடல்கள் எழுதி, பணத்தைக் கேட்காமலே திருப்பித் தருவது இன்னொரு வழி. ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு இரண்டையும் எழுதிப் பார்த்தால்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

ஒருநாள் கருத்தரங்கு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அரங்கில் 400 இருக்கைகள். ஏற்பாட்டாளரின் இணையதளத்தில் 300 சீட்டுகளும், ஒரு விற்பனை முகவர் வழியாக 100 சீட்டுகளும் விற்கப்பட்டன. இவற்றைத் தவிர, பேச்சாளர்களின் குடும்பத்தினருக்கும் ஆதரவாளர்களுக்குமாக 30 அழைப்புச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. விற்பனை முடியும் தறுவாயில் மேடையை முன்புறம் நீட்டியதால் இரண்டு வரிசைகள் அகற்றப்பட்டு, இருக்கைகள் 376 ஆகக் குறைந்தன. கையில் சீட்டு உள்ளவர்கள் 430, இருக்கைகள் 376, ஆக 54 இடங்கள் குறைவு. 18 பேர் வரவில்லை. எஞ்சிய 36 பேரில் 14 பேர் பக்கத்து அறையில் திரை வழியாக நிகழ்ச்சியைப் பார்த்தார்கள், 22 பேர் திரும்பிப் போனார்கள். இந்த 36 பேரும் கட்டணம் செலுத்தியவர்கள்.

முதல் வரைவு 430 பேருக்கும் ஒரே வடிவில் செல்கிறது: “எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இன்றைய நிகழ்ச்சியில் சிலருக்கு இருக்கை வழங்க இயலாமல் போனதற்கு வருந்துகிறோம். எங்கள் நல்லெண்ணத்தின் அடையாளமாக, அடுத்த நிகழ்ச்சியில் 50 விழுக்காடு கட்டணச் சலுகை தரும் கூப்பனை இணைத்துள்ளோம். பணத்தைத் திரும்பப் பெற விரும்புவோர் 7 நாட்களுக்குள் கீழ்க்கண்ட படிவத்தை நிரப்பவும்.” இது விரைவில் எழுதி முடிக்கக்கூடியது, ஒரே சொடுக்கில் அனுப்பக்கூடியது. எல்லோருக்கும் ஒரே செய்தி சென்றதால், ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்கு மறைக்கப்பட்டது என்ற பேச்சுக்கும் இடமில்லை. அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இரண்டாவது வரைவு, திரும்பிப் போன 22 பேருக்கு இப்படித் தொடங்குகிறது: “நீங்கள் கட்டணம் செலுத்தி, நேரம் ஒதுக்கி வந்தும், உங்களை உள்ளே அனுமதிக்க எங்களால் முடியவில்லை. அரங்கில் இருந்த இருக்கைகளைவிட அதிகமான சீட்டுகளை நாங்கள் வழங்கிவிட்டோம். இது எங்கள் தவறு, இதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். உங்கள் கட்டணம் முழுவதும், முன்பதிவுச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து, நீங்கள் பணம் செலுத்திய அதே வழியில் திருப்பி அனுப்பப்படுகிறது. இதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.” பக்கத்து அறையில் அமர்ந்தவர்களுக்கு வேறு மடல், அரங்குக்குள் இருந்தவர்களுக்கு இன்னொரு சிறிய மடல்.

முதலில், என்ன நடந்தது என்ற விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்பது இந்த நிகழ்ச்சியைப் பொறுத்தவரை உண்மையே அல்ல. மென்பொருள் தன்னிடம் சொல்லப்பட்ட 400 என்ற எண்ணை மீறவில்லை. இருக்கைகள் குறைந்ததை யாரும் அதற்குத் தெரிவிக்கவில்லை. இரண்டாவது வரைவின் விளக்கப் பகுதி இதைக் கணக்காகவே எழுதுகிறது: “மேடை நீட்டப்பட்டபோது 24 இருக்கைகள் அகற்றப்பட்டன, விற்பனைக் கணக்கில் அதை நாங்கள் குறைக்கவில்லை. 30 அழைப்புச் சீட்டுகளையும் அந்தக் கணக்கில் சேர்க்கத் தவறினோம். இதனால் 54 இடங்கள் குறைந்தன.” படிப்பவர் தாமே கூட்டிப் பார்க்கலாம், விடை பொருந்தும். விளக்கம் உண்மையானதுதானா என்று சோதிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை: காரணங்களின் கூட்டுத்தொகை குறைந்த இடங்களின் எண்ணிக்கைக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் இன்னும் ஒரு காரணம் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கிறது. அதைத் தேடிய பிறகே மடலை அனுப்ப வேண்டும். விளக்கத்துக்கு நான்கு வரிகள் போதும். அரங்க நிர்வாகத்தையோ விற்பனை முகவரையோ அதில் இழுக்கத் தேவையில்லை, ஏனெனில் சீட்டு வாங்கியவர் ஏற்பாட்டாளரை நம்பித்தான் வாங்கினார்.

இழப்பீட்டில்தான் இரண்டு வரைவுகளும் முற்றிலும் பிரிகின்றன. உள்ளே செல்ல முடியாமல் திரும்பியவருக்குப் பாதிக் கட்டணச் சலுகை தருவது, அவர் இழந்ததைத் திரும்பப் பெற மேலும் பாதிக் கட்டணம் செலுத்தச் சொல்வதாகும். அதே கூப்பன், எந்தக் குறையும் இல்லாமல் அரங்கில் அமர்ந்து முழு நிகழ்ச்சியையும் கேட்டவருக்கும் போகிறது; வராமலே இருந்தவருக்கும் போகிறது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 430 கூப்பன்கள் அனுப்பப்பட்டுள்ளன, அடுத்த நிகழ்ச்சியும் அதே அரங்கில் நடந்தால் இருக்கைகள் 376 மட்டுமே. கூப்பன் இடத்துக்கு உறுதி தருவதில்லை என்று சட்டப்படி வாதிடலாம். ஆனால் இடமில்லாமல் ஒருமுறை திரும்பியவர் கூப்பனோடு வந்து மறுபடியும் ‘இடம் தீர்ந்துவிட்டது’ என்ற பதிலைப் பெற்றால் அந்த வாதம் அவரிடம் எடுபடாது.

விமானப் போக்குவரத்தில் மிகைவிற்பனை நெடுங்காலமாக இருந்துவரும் நடைமுறை என்பதால், அங்கே இதற்கு எழுதப்பட்ட விதிகளே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண்ணுள்ள ஒழுங்குமுறைப்படி, தம் விருப்பத்துக்கு மாறாக விமானத்தில் ஏற மறுக்கப்பட்ட பயணிக்கான இழப்பீட்டைப் பணமாகவே தர வேண்டும். பயண வவுச்சராகத் தருவதற்குப் பயணியின் கையொப்பமிட்ட சம்மதம் வேண்டும். கருத்தரங்குகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன் வரிசைமுறை இங்கும் சரியானது: முதலில் பணம், அவரே விரும்பித் தேர்ந்தெடுத்தால் மட்டும் வேறொன்று.

ஆகவே இரண்டாவது வரைவில், பணம் திரும்புவது உறுதியான பிறகே கூடுதல் வாய்ப்பு சொல்லப்படுகிறது: “இது தவிர, அடுத்த நிகழ்ச்சியில் உங்களுக்காகக் கட்டணமின்றி ஓர் இருக்கையை ஒதுக்கி வைக்கிறோம். வேண்டுமென்றால் இந்த மடலுக்கு ‘சம்மதம்’ என்று பதில் அனுப்புங்கள். வேண்டாமென்றாலும் உங்கள் பணம் திரும்ப வருவதில் மாற்றமில்லை.” இந்த வாக்குறுதியை எழுதும் அதே நாளில், அடுத்த நிகழ்ச்சியின் விற்பனைக் கணக்கிலிருந்து அத்தனை இருக்கைகளையும் கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் மன்னிப்பு மடலே அடுத்த மிகைவிற்பனைக்கு விதையாகிவிடும்.

படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு வரும் ‘பணம் திருப்பித் தருகிறோம்’ என்ற மின்னஞ்சலை மோசடி என்று கருதத்தான் இன்று எல்லோரும் பழகியிருக்கிறார்கள், அப்படிப் பழகியதும் நல்லதே. பெருந்திரளாகச் செல்லும், இணைப்புகள் நிறைந்த மடல் ஸ்பேம் பெட்டிக்குப் போகவும் வாய்ப்பு அதிகம். ஏழு நாள் கெடு முடிந்தபின் மடலைப் பார்ப்பவர், தம் பணம் தந்திரமாகப் பறிக்கப்பட்டதாகவே எண்ணுவார். பணம் வந்த வழியிலேயே திருப்பி அனுப்பினால் எந்த விவரத்தையும் கேட்க வேண்டியதில்லை. சீட்டு அனுப்பிய அதே முகவரியிலிருந்து, இணைப்பே இல்லாமல், முன்பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மடலை அனுப்பினால் அது உண்மையானது என்று பெறுபவருக்கு விளங்கும். முகவர் வழியாக வாங்கியவர்களின் பணத்தை ஏற்பாட்டாளர் நேரடியாகத் திருப்ப முடியாமல் போகலாம். அவர்களுக்குச் செல்லும் மடலில், பணம் முகவரிடமிருந்து வரும், அதற்கான கோரிக்கையை நாங்களே வைத்துவிட்டோம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நான்கு பேருக்கு ஒருவரே வாங்கியிருந்தால் பணம் வாங்கியவருக்கே திரும்பும் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது; மற்ற மூவரும் தங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வழியின் கடினமான பகுதி, யார் யார் எந்தக் குழு என்று அறிவது. உள்ளே சென்றவர்களின் சீட்டு வாசலில் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கும். பக்கத்து அறைக்குச் சென்றவர்களை அங்கிருந்த ஊழியர்கள் குறித்து வைத்திருக்கலாம். திரும்பிப் போனவர்களின் சீட்டு எண்களை அந்தப் பரபரப்பில் யாரும் எழுதி வைக்காவிட்டால், ஸ்கேன் ஆகாத சீட்டுகள் 40 மட்டுமே கையில் இருக்கும். அவற்றில் வந்து திரும்பிய 22 பேரும் வராமலே இருந்த 18 பேரும் கலந்திருப்பார்கள். “நீங்கள் உண்மையில் வந்தீர்களா?” என்று அவர்களைக் கேட்டு எழுதுவது, அவமதிக்கப்பட்டவரை மீண்டும் அவமதிப்பதாகும். அந்த 40 சீட்டுகளில் கட்டணம் பெறப்பட்ட அனைத்துக்கும் பணத்தைத் திருப்பிவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. வராத 18 பேருக்குத் தகுதியில்லாத நன்மை கிடைத்தாலும், அந்தச் செலவு ஒரு முறையோடு முடிந்துவிடுகிறது. அப்போது மடலின் முதல் வரியும் மாற வேண்டும்: “நீங்கள் வாசல்வரை வந்து திரும்பியிருந்தால்” என்று தொடங்கினால் யாரிடமும் பொய் சொன்னதாக ஆகாது.

செலவு எவ்வளவு? பக்கத்து அறையில் இருந்த 14 பேருக்குப் பாதிக் கட்டணம் திருப்பினால் அது 7 சீட்டுகளின் விலை. அதோடு 40 முழுச் சீட்டுகளைச் சேர்த்தால், பணமாகத் திருப்புவது அதிகபட்சம் 47 சீட்டுகளின் கட்டணம். அடுத்த நிகழ்ச்சியில் கட்டணமின்றி ஒதுக்கும் இருக்கையை அந்த 40 பேரும் ஏற்றாலும் மொத்தம் 87 சீட்டுகளின் மதிப்புதான். கூப்பன் வழியில் எல்லோரும் பயன்படுத்தினால் 215 சீட்டுகளின் மதிப்பு போய்விடும். பெரும்பாலோர் பயன்படுத்த மாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பில்தான் அந்தச் சலுகை மலிவாகத் தோன்றுகிறது. பயன்படாது என்று எண்ணித் தரும் பொருளை இழப்பீடு என்று அழைப்பது நேர்மையல்ல.

தனி மடல்களுக்கும் ஒரு குறை உண்டு. ஒரே அலுவலகத்திலிருந்து வந்த இருவர், ஒருவர் வாசலில் திரும்பியவர், மற்றவர் பக்கத்து அறையில் அமர்ந்தவர், மறுநாள் தங்கள் மடல்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒப்பிடத்தான் செய்வார்கள். அதனால் ஒவ்வொரு மடலிலும் மற்றக் குழுக்களுக்கு என்ன தரப்படுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். முதல் வரைவின் ஒளிவுமறைவில்லாத தன்மை இதனால் இரண்டாவதிலும் கிடைத்துவிடுகிறது. அரங்குக்குள் இருந்த 376 பேருக்குப் பணம் தர வேண்டியதில்லை. வாசல் குழப்பத்தால் நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கியதற்கு இரண்டு வரி மன்னிப்பும், எல்லோருக்கும் கிடைக்கவிருக்கும் ஒளிப்பதிவு பற்றிய தகவலும் போதும்.

விரைவில் முதல் வரைவு முந்துகிறது என்பதை மறுக்க முடியாது, ஏனெனில் குழு பிரிப்பதற்கு ஒரு நாளாவது ஆகும். அந்த இடைவெளிக்கு, ஸ்கேன் ஆகாத சீட்டுகளுக்கும் பக்கத்து அறையில் இருந்தவர்களுக்கும் அன்றிரவே மூன்று வரியில் ஒரு மடல் அனுப்பிவிடலாம்: தவறு எங்களுடையது, இழப்பீடு உண்டு, விவரம் நாளை மாலைக்குள் வரும். நாளை மாலை என்று எழுதினால் நாளை மாலையே அனுப்ப வேண்டும், கணக்கு முழுதாக முடியாவிட்டாலும்.

பணம் கணக்கில் சேர வங்கியைப் பொறுத்து பொதுவாக 5 முதல் 10 வேலை நாட்கள் ஆகலாம் என்பதை மடலில் குறிப்பிட வேண்டும். பத்தாவது வேலை நாளன்று, திருப்பி அனுப்பியும் சேராமல் நின்றுபோன தொகைகளின் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். காலாவதியான அட்டையாலோ மூடப்பட்ட கணக்காலோ சில தொகைகள் அங்கே தேங்கியிருக்கலாம். அவர்களுக்கு மட்டும், பதில் அனுப்பினால் ஒரு மனிதர் படிக்கும் முகவரியிலிருந்து, தனியாக எழுதி மாற்று வழியை ஏற்பாடு செய்ய வேண்டும்.