இணையவழிச் சேர்க்கைக்கு முன் செய்த இடைவெளி ஆய்வு: மூன்று ஆண்டுகள் கழித்து

நான் பணியாற்றும் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் 11ஆம் வகுப்புச் சேர்க்கையை இணையவழிக்கு மாற்ற முடிவெடுத்தபோது, சேர்க்கைக் குழுவின் பொறுப்பாசிரியர் என்ற முறையில் இடைவெளி ஆய்வு அட்டவணையைத் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. இன்றைய நிலை, அடைய வேண்டிய நிலை, இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அதை அடைக்கும் வழி, பொறுப்பாளர் என ஐந்து பத்திகள் கொண்ட எளிய அட்டவணைதான் அது. மூன்று சேர்க்கைப் பருவங்களாக அதைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்தி வருகிறோம்.

முதல் ஆண்டு அட்டவணையை ஒரே மாலையில், கூட்டத்தில் உட்கார்ந்து, நினைவிலிருந்தே நிரப்பினோம். இரண்டு கணினிகள் இருந்தன, நான்கு வேண்டும். ஸ்கேனர் இல்லை, ஒன்று வேண்டும். இணைய இணைப்பு போதாது. எல்லாம் வாங்கியாயிற்று, எல்லா வரிகளிலும் 'முடிந்தது' என்று குறித்தாயிற்று. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த பிறகு 212 விண்ணப்பங்கள் இணையத்தில் வந்தன. அவற்றில் 61 விண்ணப்பங்களைத் திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. காகிதத்தில் வாங்கிய காலத்தில் இப்படித் திருப்பி அனுப்பியதாக யாருக்கும் நினைவில்லை.

காரணம் புரிய எங்களுக்குச் சில வாரங்கள் ஆயின. பழைய முறையில் பெற்றோர் நீட்டிய விண்ணப்பத்தை எங்கள் அலுவலக உதவியாளர் அப்படியே வாங்கி வைத்ததில்லை. சாதிச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இதில் பிற்படுத்தப்பட்டோர் என்று எழுதியிருக்கிறீர்களே, சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று இருக்கிறதே" என்று கேட்டு, அங்கேயே திருத்தி வாங்குவார். பெயரின் முன்னெழுத்து மாற்றுச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தால் அதையும் அவரே பிடிப்பார். இந்தத் திறன் எங்கள் அட்டவணையின் 'இன்றைய நிலை' பத்தியில் ஒரு வரியாகக்கூட இல்லை. இல்லாததை மட்டும் தேடிப் பட்டியலிட்டோமே தவிர, இருப்பதில் எதை இழக்கப் போகிறோம் என்று கேட்கவில்லை. திரும்பிய 61 விண்ணப்பங்களில் 34, சாதி சார்ந்த இந்த வகுப்புப் பிரிவைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்த பிழைதான்.

இரண்டாம் ஆண்டு, இணைய வசதி இல்லாதவர்களுக்காக ஓர் உதவி மேசையை வைத்திருந்தோம். அதில் அமர்ந்த அதே உதவியாளருக்குப் பக்கத்தில் நானும் இரண்டு நாள் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, அவர் கேள்வி கேட்ட ஒவ்வோர் இடத்தையும், கை வைத்துத் திருத்திய ஒவ்வொரு கட்டத்தையும் குறித்துக்கொண்டேன். (முதலில் அவருக்கு இது தம்மைச் சோதிக்க வந்த வேலையாகவே பட்டது; விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.) அந்தக் குறிப்புகள் அப்படியே அட்டவணையின் புதிய வரிகளாயின. வகுப்புப் பிரிவைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் கட்டத்தையே நீக்கிவிட்டு, சான்றிதழில் உள்ளபடி சாதியின் பெயரையும் சான்றிதழின் படத்தையும் மட்டும் கேட்டோம். பிரிவை அலுவலகம் நிரப்பியது. சென்ற ஆண்டு ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் வந்த விண்ணப்பங்களில் திரும்பியவை 19.

கைப்பேசி எண் தொடர்பான வரியை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது என்பதால் அங்கே இடைவெளி இல்லை என்று எழுதியிருந்தோம். ஆனால் பலர் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தார்கள். ஓடிபி உடனே வர வேண்டும் என்பதற்காகக் கடைக்காரர் தம் எண்ணையே பதிந்துவிட்டார். தேர்வுப் பட்டியல் குறுஞ்செய்தி பெற்றோருக்குப் போகாமல் கடைக்கே போனது. விண்ணப்பத் தரவை எண் வாரியாக வரிசைப்படுத்தியபோது ஒரே எண் பதினொரு பிள்ளைகளுக்கு இருந்ததைக் கண்டோம். இப்போது ஓர் எண் மூன்றாம் முறை வந்தால் விண்ணப்பம் தனியே நிற்கும். அலுவலகத்திலிருந்து பேசி, வீட்டு எண்ணைக் கேட்டுப் பதிகிறோம்.

மூன்று ஆண்டுகளாக மூடாத வரி ஒன்று உண்டு. சேர்க்கையை ஒரே நாளில் முடிப்பது என்று இலக்குப் பத்தியில் எழுதியிருந்தோம். ஆனால் மாணவர் முன்பு படித்த பள்ளி அவரை பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில், பள்ளி மாறுவோருக்கான பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு விடுவித்த பிறகுதான் நாங்கள் எங்கள் பள்ளியில் சேர்க்க முடியும். அந்தப் பள்ளி இரண்டு நாள் தாமதித்தால், எங்கள் படிவம் எவ்வளவு விரைவாக இருந்தும் பயனில்லை. இதை அடைக்கும் வழியாக முதலில் 'மென்பொருளை மேம்படுத்துதல்' என்று எழுதியிருந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இலக்கையே இரண்டாகப் பிரித்து, இடம் உறுதியாவது ஒரு நாளில், எமிஸ் பதிவு முந்தைய பள்ளி விடுவித்த மறு வேலை நாளில் என்று மாற்றினோம். பொறுப்பாளர் பத்தியில், முந்தைய பள்ளிகளுக்குத் தொலைபேசியில் நினைவூட்டும் பணிக்கு அந்த உதவியாளரின் பெயர் இருக்கிறது; அவர் ஓய்வு பெற இன்னும் ஓராண்டே உள்ளதால், அந்த வரிக்கு எதிரே இரண்டாவது பெயர் ஒன்றை இந்தப் பருவத்துக்குள் எழுதியாக வேண்டும்.