க்ஷேமம் நலமான கதை

தாத்தா 1950களில் எழுதிய கடிதங்களை ஒரு ஏஐ உரையாடல் செயலியின் துணையோடு ஏழு மாதங்களாகத் தட்டச்சுப் பிரதியாக்கி வருகிறேன். உரையாடல் நீண்டுவிட்டால் செயலி தடுமாறும். அதனால் இருபது கடிதங்களுக்கு ஒருமுறை நடந்ததைச் சுருக்கச் சொல்லி, அந்தச் சுருக்கத்தைப் புதிய உரையாடலில் ஒட்டித் தொடர்வேன்.

முதல் நாளே செயலிக்கு மூன்று விதிகள் சொல்லியிருந்தேன். கடிதத்தின் சொற்களைத் திருத்தக் கூடாது. படிக்க முடியாத இடத்தில் ஊகிக்காமல் [?] போட வேண்டும். என் முன்னுரையில் மட்டும் இன்றைய எழுத்துவழக்கு.

இரண்டாவது உரையாடலில் ‘க்ஷேமம்’ ‘நலம்’ ஆனது, ‘எட்டணா’ ‘50 காசு’ ஆனது. படிக்கச் சரளமாக இருந்ததால் நான்கு கடிதங்கள் வரை எனக்கு உறைக்கவில்லை. தாளோடு ஒப்பிட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது: மை கொட்டி அழிந்த ஓரிடத்தில் கேள்விக்குறியே இல்லை, ஓர் ஊர்ப்பெயர் அழகாக உட்கார்ந்திருந்தது.

சுருக்கத்தை எடுத்துப் பார்த்தேன். “கடிதங்கள் பழைய நடையில் உள்ளன. பயனர் இன்றைய எழுத்துவழக்கை விரும்புகிறார்” என்றிருந்தது. தடை வெறும் வருணனையாகிவிட்டது, ‘முன்னுரையில் மட்டும்’ உதிர்ந்துவிட்டது, [?] பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஓர் அத்தையின் பெயரை எப்படி எழுதுவது என்று அரை நாள் மல்லுக்கட்டியதற்கு ஐந்து வரி! ஒருமுறை சொல்லி, ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட விதியைப் பற்றி அப்புறம் பேச்சே எழுவதில்லை. சுருக்கமோ அதிகம் பேசியதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

இப்போது விதிகளைச் சுருக்கத்தை நம்பி விடுவதில்லை. நான் இட்ட நிபந்தனைகளை மட்டும் என் சொற்களிலேயே, எங்கே பொருந்தும் என்பதோடு, செயலியிடம் தனிப் பட்டியலாக எழுதி வாங்குகிறேன். பிறகு உரையாடலில் மேலே போய் ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறேன். அப்போதுதான் இன்னொன்று அகப்பட்டது. ‘விளம்பி வருஷம் ஆடி மாதம்’ போன்றவற்றுக்கு அடிக்குறிப்பில் ஆங்கிலத் தேதி கேட்டிருந்தேன், பன்னிரண்டாவது கடிதத்தில் அதை வேண்டாமென்றேன். பட்டியலில் இரண்டும் அருகருகே இருந்தன. பழையதை அடித்துவிட்டு, ‘கைவிடப்பட்டது’ என்று குறித்தேன்.

புதிய உரையாடலில் முதலில் கொடுப்பது ஏற்கெனவே முடித்த, மை கொட்டிய அதே கடிதத்தைத்தான். [?] வந்தால் அடுத்த கடிதத்துக்குப் போவேன்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. செயலி வைக்கும் ஆடம்பரத் தலைப்புகளை நான் வாய்திறக்காமல் ஒவ்வொரு முறையும் அழித்துவந்தேன். சொல்லாத விருப்பம் எந்தப் பட்டியலில் வரும்? உரையாடல் மிக நீண்டால் அதன் தொடக்கமே செயலியின் பார்வையிலிருந்து நழுவிவிடும், அப்போது பட்டியலிலும் ஓட்டை விழும். ஆகவே இருபதைப் பத்தாகக் குறைத்துக்கொண்டேன், விதிகளின் பிரதி ஒன்றை என் கணினியிலும் வைத்திருக்கிறேன்.

கெட்டுப்போன நான்கு கடிதங்களையும் மறுபடி தட்டச்சு செய்தாயிற்று. அந்த ஊர் எதுவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, [?] அப்படியே இருக்கிறது.