ஐந்து வருடமாக ஏஎஸ்என் அனுப்புகிறேன்: பெட்டிக் கணக்கு சரி, சீரியல் தப்பு

கோயம்புத்தூரில் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். எங்கள் பெரிய வாங்குபவரின் கிடங்கு மகாராஷ்டிராவின் பிவண்டியில் இருக்கிறது. லாரி கிளம்பியதும், அது போய்ச் சேர்வதற்கு முன், எந்தப் பெட்டியில் எந்தச் சீரியல் இருக்கிறது என்ற முன்னறிவிப்பை அவர்களுடைய சப்ளையர் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். இதைத்தான் ஏஎஸ்என் என்கிறோம். 2020-லிருந்து இந்த வேலை என் கையில்தான் இருக்கிறது.

போர்ட்டல் பற்றிப் பெரிய குறை இல்லை. பர்ச்சேஸ் ஆர்டர் எண், இன்வாய்ஸ் எண், இ-வே பில், வண்டி எண், மொத்தப் பெட்டி எல்லாம் திரையில் நிரப்பி, சீரியல் பட்டியலை ஒரு CSV கோப்பாக ஏற்றினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அது எண்ணிக்கையை மட்டும்தான் சரிபார்க்கும். பெட்டி 48, உருப்படி 284 என்று கூட்டல் பொருந்தி, சீரியல் இரட்டிக்காமல் இருந்தால் `Accepted` என்று வந்துவிடும். அதை நம்பி நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் வருடம் பட்டியலை இன்வாய்ஸிலிருந்து தயாரித்தோம். முதல் சீரியலை அடித்துவிட்டு எக்ஸெல்லில் கீழே இழுத்தால் வரிசையாக வந்துவிடும். ஆனால் டெஸ்டிங்கில் தோற்ற ஸ்டார்ட்டர் வரிசையிலிருந்து வெளியே போய்விடும், அதன் எண் மட்டும் எங்கள் பட்டியலில் நிற்கும். அங்கிருந்து ஒவ்வொன்றும் ஓரிடம் தள்ளிப்போய், பெட்டியின் கடைசி ஸ்டார்ட்டர் அடுத்த பெட்டிக்குப் போய்விடும். அப்புறம்தான் பேக்கிங் மேசையில் ஸ்கேனர் வைத்தோம். முதலில் பெட்டி லேபிளை ஸ்கேன் செய்ய வேண்டும், பிறகு உள்ளே வைக்கும் ஆறு ஸ்டார்ட்டர்களையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய வேண்டும். அந்தப் பதிவுதான் ஏஎஸ்என் ஆகும்.

பெட்டி லேபிளில் இருப்பது எஸ்எஸ்சிசி என்ற 18 இலக்க எண். எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளும், மீதி மூன்றும் பூஜ்யமாகிவிடும். மாதிரிக்கு 189012340000048013 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 189012340000048000 ஆகும். ஒரே லோடின் அடுத்தடுத்த பெட்டிகள் கடைசி மூன்று இலக்கத்தில்தான் வேறுபடும் என்பதால் 48 பெட்டியும் ஒரே பெட்டியாகிவிடும். இது அப்போதே தெரிந்துவிட்டது, போர்ட்டலும் திருப்பி அனுப்பியது. பெட்டி எண் இருக்கும் நெடுவரிசையை Text ஆக மாற்றினோம். சீரியல் நெடுவரிசையைத் தொடவில்லை. அதில் எழுத்து இருக்கிறதே, எண்ணாக மாறாது என்று நினைத்தோம்.

எங்கள் சீரியல் அப்போது வருடம், மாத எழுத்து, ஓட்ட எண் என்று இருந்தது. ஜனவரிக்கு A, பிப்ரவரிக்கு B. ஆக 2024 மே மாதச் சரக்குக்கு E வந்தது. அந்த லோடில் 24E211 முதல் 24E497 வரை, டெஸ்டிங்கில் போன மூன்று நீங்கலாக 284 ஸ்டார்ட்டர். 47 பெட்டியில் ஆறாறு, கடைசிப் பெட்டியில் இரண்டு. ஸ்கேனர் கொடுத்த கோப்பு சுத்தமாக இருந்தது. போர்ட்டல் கேட்கும் நெடுவரிசை ஒழுங்குக்கு மாற்ற அதை எக்ஸெல்லில் திறந்து சேமித்தோம், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பிவண்டியிலிருந்து போன். அவர்கள் லேபிளை ஸ்கேன் செய்து பெட்டிகளை எண்ணிவிட்டு, சில பெட்டிகளைத் திறந்து உள்ளே இருக்கும் சீரியலை ஒப்பிடுவார்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் லோடு முழுவதையும் திறந்து பார்க்க வேண்டும், அதுவரை சரக்கு பெற்றுக்கொண்டதற்கான சீட்டான ஜிஆர்என் போட மாட்டார்கள். எங்களுக்குப் பணம் வரும் நாள் ஜிஆர்என் தேதியிலிருந்துதான் ஓடும். அன்று அவர்கள் சொன்னது எனக்குப் புரியவே இல்லை: 2-ஆம் பெட்டியில் ஒரு சீரியல்கூடப் பொருந்தவில்லை, 40-ஆம் பெட்டியில் எல்லாமே பொருந்துகிறது. பேக்கிங்கில் இருக்கும் அக்காவிடம் கேட்டேன். "அண்ணா, நான் ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணித்தான் வெச்சேன், பெட்டி மாறவே மாறாதுங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

ஏற்றிய கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். 16-ஆம் பெட்டியின் கடைசி நான்கு வரி இப்படி இருந்தது. பெட்டி எண்ணைச் சுருக்கிக் காட்டுகிறேன்.

```
C16,2.40E+305
C16,2.40E+306
C16,2.40E+307
C16,24E307
```

24E211 என்பதை எக்ஸெல் 24-ஐ அடுத்து 211 பூஜ்யம் என்று படித்து 2.40E+212 என்று எழுதிவிட்டது. E-க்கு இருபுறமும் இலக்கம் இருந்தால் அதற்கு அது ஓர் எண்தான். ஆனால் அது ஏற்கும் எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 24E306 வரை உள்ளே அடங்கும். 24E307 அந்த வரம்பைத் தாண்டிவிடுவதால் எழுத்தாகவே விட்டுவிடும். அதனால் முதல் 95 சீரியல் கெட்டு, 189 பிழைத்தது. முதல் 15 பெட்டி முழுதும் போய், 16-இல் ஐந்து கெட்டு ஒன்று நின்றது. கெட்டவைகூட ஒவ்வொன்றும் வேறு வேறு எண்ணாக இருந்ததால் போர்ட்டலுக்கு இரட்டிப்பு எதுவும் தெரியவில்லை.

வாசலில் வண்டி பதிவாகிவிட்டால் ஏஎஸ்என் பூட்டிக்கொள்ளும், திருத்த முடியாது. ஸ்கேனரின் மூலக் கோப்பை மெயிலில் அனுப்பி, அவர்கள் 48 பெட்டியும் திறந்து பார்த்து முடிக்க நான்கு நாள் ஆனது. மூலக் கோப்பு அழிந்திருந்தாலும் E+ என்பதற்குப் பின்னால் இருக்கும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து மீட்டிருக்கலாம். ஆனால் அப்படிக் கணக்குப் போட்டு எடுத்த சீரியலை நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன். அந்த எண்ணை வைத்துத்தான் கடைசியில் ஒரு விவசாயி வாரண்டி கேட்டு வருவார். பதிவில் இல்லாத சீரியல் என்றால் கடைக்காரர் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அதற்குப் பிறகு CSV கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறப்பதே இல்லை. `Data > From Text/CSV` வழியாக எடுத்து இரண்டு நெடுவரிசையையும் Text ஆக்குகிறோம். புதிய எக்ஸெல்லில் `File > Options > Data` பகுதியில் `Automatic Data Conversion` என்று ஒன்று இருக்கிறது. E எழுத்துக்கும் நீண்ட எண்ணுக்கும் தனித்தனி டிக் உண்டு, இரண்டையும் எடுத்துவிட்டோம். ஆனால் வேறு கணினியில் யாராவது திறந்தால் அந்த அமைப்பு கூட வராது. அதனால் 2025 ஜனவரி முதல் சீரியலிலேயே எழுத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டோம். 24E211 என்ற வடிவம் போய் E25211 என்ற வடிவம் வந்தது. பெயர்த்தகடு மாற்றத்துக்கு வாங்குபவரின் ஒப்புதல் வாங்க இரண்டு மாதம் அலைந்தேன், அலைந்தது வீண் போகவில்லை.

இன்னொரு பழக்கமும் கறாராக வைத்திருக்கிறோம். ஸ்கேன் முடிந்து ஒட்டிய பெட்டியை எந்தக் காரணத்துக்காகத் திறந்தாலும், மூலை நசுங்கியதற்காக அட்டையை மட்டும் மாற்றினாலும், அந்தப் பெட்டி எண்ணை ரத்து செய்து, புது லேபிள் ஒட்டி, ஆறையும் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டும். அனுப்பிய பெட்டியின் எண்ணை ஒரு வருடத்துக்குள் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பது எஸ்எஸ்சிசி விதி. ரத்தான எண்களையும் நாங்கள் அப்படியே ஒதுக்கிவிடுகிறோம்.

சீரியலின் வடிவத்தைப் போர்ட்டலே சோதிக்க வேண்டும் என்று அவர்களிடம் மூன்று முறை எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதுவரை ஏற்றுவதற்கு முன் கோப்பை நோட்பேடில் திறந்து, `E+` என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன்.