டிவி கேட்கும் கணக்கை யார் பெயரில் திறப்பது?

காரைக்குடிக் கடையில் டிவி வாங்கினால், அதைச் சுவரில் மாட்ட வருபவர் கேட்கும் முதல் கேள்வி "மெயில் ஐடி சொல்லுங்க" என்பதுதான். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அப்பத்தா, இல்லையென்றால் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். உடனே சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ போன் போகும். மகன் தன் மெயிலையும் ஓடிபியையும் சொல்வார், படம் வந்துவிடும். யாரும் கிடைக்காவிட்டால் பொருத்த வந்தவர் தன்னுடைய மெயிலையே போட்டுவிட்டுப் போவதும் உண்டு.

நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. வளவு வீடு ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை, பல புள்ளிகளுக்குப் பொது. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கும். டிவி வீட்டில் இருக்கும், கணக்குக்கு உரியவர் கடல் கடந்து இருப்பார். இந்த நிலையில் நம்முன் உள்ள வழிகள் மூன்று: கணக்கே திறக்காமல் விடுவது, ஒருவருடைய சொந்தக் கணக்கைப் போடுவது, டிவிக்கென்றே வீட்டுப் பெயரில் ஒரு கணக்குத் தொடங்குவது. எங்கள் பொது வீட்டுக்கு மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். அதையே பரிந்துரைக்கவும் செய்கிறேன்.

முதலில், டிவி ஏன் கணக்குக் கேட்கிறது? ஆப் கடையிலிருந்து எதை இறக்கினாலும் அது யார் கணக்கில் என்று பதிய வேண்டும். போனிலிருந்து டிவியை இயக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே ஆளுடையவை என்று அடையாளம் காட்ட வேண்டும். மூன்றாவது காரணத்தைக் கம்பெனி அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. டிவியை விற்றதோடு அதன் வருமானம் முடிவதில்லை. முகப்புத் திரையில் வரும் விளம்பரத்திலும் பணம் வருகிறது. இந்த டிவியும், அந்தப் போனும், அதே பிராண்டு வாஷிங் மெஷினும் ஒருவருடையவை என்று தெரிந்தால் அந்த விளம்பரத்தின் மதிப்புக் கூடும்.

கணக்கு இல்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பது பிராண்டைப் பொறுத்தது. சாம்சங், எல்ஜி டிவிகளில் கணக்குக் கேட்கும் பக்கத்தைத் தாண்டிவிடலாம். கேபிள் பெட்டி, டிடிஎச், பென் டிரைவ் எல்லாம் வேலை செய்யும். ஏற்கெனவே ஏற்றி வரும் யூடியூப் போன்ற ஆப்களும் திறக்கும். புதிதாக ஓர் ஆப் இறக்கப் போகும்போதுதான் கணக்குக் கேட்டு நிற்கும். சன் நெக்ஸ்ட் முகப்பிலேயே இல்லாவிட்டால் அங்கேதான் மாட்டிக்கொள்வோம். சோனி, சியோமி போன்றவற்றில் இருக்கும் கூகுள் டிவி இவ்வளவு இடம் கொடுக்காது. கூகுள் கணக்கு வேண்டாமென்றால் அதை Basic TV என்ற வகையில் அமைக்கலாம். சேனலும் எச்டிஎம்ஐயில் செருகிய பெட்டியும் மட்டும் ஓடும், ஆப் எதுவும் வராது.

ஆகவே பெரியவர்கள் கேபிளில் சீரியல் மட்டும் பார்க்கும் வீட்டில் கணக்கே வேண்டாம். டிவியை வைஃபையிலும் இணைக்க வேண்டாம். வாரண்டிக்குத் தேவை பில்லும் சீரியல் எண்ணும்தான், கணக்கு இல்லை. மென்பொருள் அப்டேட்டையும் பென் டிரைவ் வழியே ஏற்றும் வசதி பல மாடல்களில் உண்டு.

சொந்தக் கணக்கைப் போடுவதுதான் மூன்றிலும் சுலபம், ஆனால் எனக்குப் பிடிக்காத வழி. கூகுள் டிவியில் மகனின் கணக்கு இருந்தால், அப்பத்தா யூடியூபில் கேட்கும் கந்த சஷ்டிக் கவசமும் பேரப்பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனும் சிங்கப்பூரில் அவர் போனில் பார்வை வரலாறாக வந்து நிற்கும். அவர் அங்கே தேடிப் பார்த்தவை முகப்பில் எல்லோர் முன்னாலும் பரிந்துரையாக வரும். கணக்கோடு பணம் கட்டும் கார்டு இணைந்திருந்தால், ரிமோட்டைக் கையில் எடுக்கும் குழந்தை படம் வாங்கிவிடவும் கூடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பிளே ஸ்டோர் எந்த நாட்டுக்கு உரியது என்பதை டிவி இருக்கும் ஊர் தீர்மானிப்பதில்லை, கணக்குத் தீர்மானிக்கிறது. சிங்கப்பூர்க் கணக்கைப் போட்டால் இந்தியாவுக்கு மட்டும் உள்ள ஆப்கள் தேடினாலும் கண்ணில் படாமல் போகலாம். "டிவியில் ஏதோ கோளாறு" என்று கடைக்குப் போன் போவது இதனால்தான். அந்த நாட்டை வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும், அதுவும் போய்ச் சேர்ந்த நாட்டின் கார்டு போன்ற பணம் கட்டும் வழி கையில் இருந்தால்.

கணக்கையும் வேவு பார்ப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திரையில் ஓடும் படத்தை அடையாளம் கண்டு கம்பெனிக்குச் சொல்லும் வசதி ஒன்று டிவிக்குள் உண்டு. கணக்குத் திறக்காவிட்டாலும், டிவி இணையத்தில் இருந்து, நாம் அதற்குச் சம்மதம் கொடுத்திருந்தால் அது ஓடும். 2017-ல் அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம், 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் சொல்லாமல் இப்படிச் சேகரித்த வழக்கில் 22 லட்சம் டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. 2024-ல் சாம்சங், எல்ஜி டிவிகளைப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வைத்துச் செய்த ஒரு பல்கலைக்கழக ஆய்வு, எச்டிஎம்ஐயில் செருகிய பெட்டியின் படத்தைக்கூட இந்த வசதி கவனிக்கிறது என்று கண்டது. சம்மதத்தை எடுத்துவிட்டால் அந்தப் போக்குவரத்து நின்றுவிடுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

அந்தச் சம்மதம் கேட்கப்படுவது டிவியை முதன்முதல் அமைக்கும்போது. நீளமான பட்டியல் வரும், எல்லாவற்றுக்கும் ஒரே சொடுக்கில் சம்மதம் சொல்லும் பொத்தான் மேலேயே இருக்கும், பொருத்த வருபவர் அதைத்தான் அழுத்துவார். அதை அழுத்த விடாதீர்கள். பயன்பாட்டு விதிகளும் தனியுரிமை அறிக்கையும் மட்டுமே கட்டாயம். சாம்சங்கில் Viewing Information Services என்பதையும் விளம்பரம் பற்றிய வரியையும் விட்டுவிடலாம். எல்ஜியில் Viewing Information என்ற வரியையும், பிறகு செட்டிங்ஸுக்குள் Live Plus என்பதையும் அணைக்க வேண்டும். மாடலுக்கு மாடல் இவை மெனுவில் இடம் மாறும், பெயரை வைத்துத் தேடுங்கள். பெரிய மென்பொருள் அப்டேட் வந்த பிறகு ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது. மலிவு பிராண்டுகளில் எனக்கு நீண்ட அனுபவம் இல்லை. அங்கே மெனுவை வரி வரியாகப் பார்த்துவிடுங்கள்.

இனி வீட்டுக் கணக்கு. இதில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடிபி யாருக்குப் போகும்? அதைச் சரியாகச் செய்யாவிட்டால் இந்த வழியும் சொந்தக் கணக்கு வழியைவிட மேலானதில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று பங்காளிகள், ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் சென்னை, ஒருவர் காரைக்குடி. கூகுள் டிவி. வீட்டு விலாசத்தை ஒட்டிய பெயரில் புது ஜிமெயில் திறக்கிறார்கள். திறக்கும்போது, வீட்டுக்கென்று வாங்கிய பிரீபெய்டு சிம் எண்ணைக் கொடுக்கத் தோன்றும். அங்கேதான் தவறும். ஊருக்கு வரும்போது மட்டும் ரீசார்ஜ் செய்யும் எண் 90 நாள் தொடர்ந்து பயன்பாடே இல்லாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம், பிறகு வேறொருவருக்கும் போய்விடலாம். அடுத்த படைப்புக்கு வந்து டிவியைத் திறந்தால், கணக்கு மறுபடி உள்ளே வரச் சொல்லும், ஓடிபியோ யாரோ ஒருவருடைய போனில் போய் விழும். ஆகவே தினமும் புழங்கும் எண்ணைக் கொடுக்க வேண்டும், காரைக்குடியில் இருப்பவருடையது சரி. மீட்பு மெயிலாகச் சென்னைக்காரருடையதைப் போட வேண்டும். பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, கூகுள் தரும் பேக்கப் கோடுகளை அச்சிட வேண்டும். பத்து கோடுகள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அந்தத் தாளை வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்து, பாஸ்வேர்டை மூவரும் தனியே குறித்துக்கொண்டால் யார் வந்தாலும் டிவி திறக்கும், போன் எதுவும் கையில் இல்லாவிட்டாலும்.

இந்தக் கணக்கில் கார்டு எதையும் சேர்க்க வேண்டாம். கணக்கு அமைப்புக்குள் Apps only mode என்பதை இயக்கினால் முகப்பில் பரிந்துரைகள் மறைந்து ஆப்கள் மட்டும் நிற்கும். குரல் தேடலும் போய்விடும் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். அப்பத்தா ரிமோட்டில் பேசித்தான் பாட்டுத் தேடுகிறார் என்றால் அதை இயக்காமல், யூடியூப் வரலாற்றை மட்டும் நிறுத்திவைப்பது போதும்.

பூட்டிய வீடுகளுக்கு இன்னொரு கண்ணி உண்டு. இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத கணக்கை நீக்கும் கொள்கை கூகுளுக்கு இருக்கிறது. சாம்சங்கும் 2025-ல் அதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது. தினமும் போனில் புழங்கும் சொந்தக் கணக்குக்கு இந்தப் பயமில்லை. வீட்டுக் கணக்கின் ஒரே பலவீனம் இதுதான். பங்காளிகளில் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை தன் போனிலிருந்து உள்ளே போய் ஒரு மெயில் அனுப்பினால் போதும். படைப்பு அழைப்பையே அதிலிருந்து அனுப்பலாம்.

டிவியை விற்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் வீட்டுக் கணக்கு கைகொடுக்கும். அழிக்கப்போவது டிவியின் கணக்கு மட்டும், யாருடைய போட்டோவும் மெயிலும் அதில் இல்லை. கூகுள் டிவியில் System உள்ளே About, அதற்குள் Reset. சாம்சங்கில் General & Privacy உள்ளே Reset; பின் கேட்டால், மாற்றாதவரை 0000. நெட்ஃபிளிக்ஸ், ஹாட்ஸ்டார் லாகின்களும் அதோடு டிவியிலிருந்து அழிந்துவிடும். ரீசெட் செய்ய மறந்து வண்டி ஏற்றிவிட்டால், கூகுள் கணக்குப் பக்கத்தில் Your devices என்ற இடத்துக்குப் போய் அந்த டிவியை வெளியேற்றலாம். ஓடிடி ஆப்கள் அதற்குள் அடங்காது, அவற்றில் ஒவ்வொன்றாகப் போய் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் சொல்ல வேண்டும்.